தேவதை நீக்கப்பட்ட சுற்றறிக்கை

செவிலியர் தினத்தன்று நிர்வாகத்தின் வாழ்த்துச் செய்தியை ஒலிபெருக்கியில் வாசித்ததும் அந்த மருத்துவமனையின் நர்சுகள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்துவிடுவார்கள். ‘வெள்ளுடைத் தேவதைகளே’ என்ற இடத்தில் குதிகால் கிளம்பும், ‘தன்னலமற்ற சேவை’ வரும்போது விரல் நுனியும் விடைபெறும். சாயங்காலத்துக்குள் பெரும்பாலோர் இறங்கிவிடுவதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மிதப்பவர்களுக்கு நாற்காலி எதற்கு என்று நிர்வாகம் நர்சுகளின் மேஜையருகே இருந்த மூன்று நாற்காலிகளையும் வரவேற்பறைக்கு எடுத்துப் போனது.

செய்தியை எழுதியவர் அலுவலகக் குமாஸ்தா. எழுதினார் என்பதுகூட உபசாரம்தான். போன வருடக் கோப்பை எடுப்பார், ஆண்டை மாற்றுவார், கையெழுத்துக்கு அனுப்புவார். ஒன்பது வருடமாக அதே தேவதை, அதே சேவை. ஆனால் அவருடைய மனைவியே ஐந்தாம் வார்டு சிஸ்டர். வருடத்துக்கு வருடம் அவள் இறங்கத் தாமதமாயிற்று. போன தடவை பதினோரு நாள். பாதத்தைக் கட்டில் காலில் கொக்கி போட்டுக்கொண்டு ஊசி போட்டாள். இறங்கிய பிறகும் பாதம் தரையில் முழுதாகப் பதியாததால், வாங்கிய செருப்பு ஒன்பது வருடமாகத் தேயவே இல்லை. படியேறி வரும் சத்தம் கேட்காததால், அவள் வீட்டுக்கு வந்தது குமாஸ்தாவுக்குத் தெரியாமலே போகும்.

இந்த வருடம் விழாவை மொட்டைமாடியில் வைப்பதென்று நிர்வாக இயக்குநர் முடிவு செய்தார். கூரை இல்லாத இடத்தில் ஐந்தாம் வார்டு சிஸ்டர் எங்கே போய் நிற்பாள் என்று பராமரிப்பு மேஸ்திரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"என்னதான் எழுதட்டும், சொல்லேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"என்னைக் கேட்டு எழுதாதீங்க. ஒரு நாள் வார்டுக்கு வந்து பாருங்க" என்றாள் அவள்.

போய்ப் பார்த்தார். காலை ஏழு மணிக்கு இரவு நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒப்படைத்தாள். மூன்றாம் கட்டிலுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஏழாம் கட்டிலின் டிரிப் ஒன்பது மணிக்கு முடியும், ஒன்பதாம் கட்டில் தாத்தா ராத்திரி எழுந்து விழப் போனவரைப் பிடித்து உட்கார வைத்தாயிற்று, எழுந்தால் தலை சுற்றும், தனியாக விடக்கூடாது. எல்லாம் கேட்டுவிட்டு சிஸ்டர் சொன்னாள், "நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க." அந்த அரை மணி நேரம் பணி அட்டவணையில் எங்கும் இல்லை. அப்புறம் அவள் மருந்தகத்துக்கு நாலு முறை நடந்தாள், ஆறு பேருக்குப் பதில் பதினாலு பேரைப் பார்த்தாள், சோற்று டப்பாவை மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினாள். குமாஸ்தா வெட்கப்பட்டார். தன் எழுத்தில் ஒரு வரிகூட இவளைப் பற்றி இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

புதிய செய்தியில், சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டவற்றை நிர்வாகம் முதலில் ஒப்புக்கொண்டது. ஒப்படைப்பு நேரம் இனி பணி நேரம். மருந்தை மருந்தக ஆளே வார்டுக்குக் கொண்டுவருவார். காலி இடங்களுக்கு ஆள் எடுத்து முடிக்கும் தேதி இது, பொறுப்பு இன்னார். நாற்காலிகள் இன்றே திரும்பும். தாத்தா விழாமல் பிடித்த இரவு நர்சைப் பற்றி நாலு வரி.

இயக்குநர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டா செஞ்சாகணுமேய்யா!"

"ஆமாங்க சார். அதுக்குத்தான் கையெழுத்து."

மேஸ்திரியின் தாளையும் காட்டினார் குமாஸ்தா. நூற்றுப் பன்னிரண்டு நர்சுகளும் ஆகாயத்துக்குப் போனால் வார்டுகளை யார் பார்ப்பது என்று யோசித்த இயக்குநர், பேனாவைத் திறந்தார்.

வழக்கம்போல் பதினொரு மணிக்கு வாசித்தால் இரவுப் பணிக்காரர்கள் தூங்கப் போயிருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு பணிமாற்றத்திலும் ஒருமுறை என மூன்று முறை வாசிக்க ஏற்பாடானது. ஏழு மணிக்கு, டாக்டர்கள் வார்டுகளைப் பார்த்துக்கொள்ள, நர்சுகள் மாடியில் கூடினார்கள். பழக்கதோஷத்தில் இயக்குநர் "தேவ..." என்று ஆரம்பித்துவிட்டார். நூறு குதிகால்கள் கிளம்பின. குமாஸ்தா இடி மாதிரி இருமினார். இயக்குநர் சுதாரித்துக்கொண்டு தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தார். கடைசி வரி வந்தது. "நாங்க பாத்துக்கறோம், நீங்க உக்காருங்க." அத்தனை பாதங்களும் தொம்மென்று தரையில் இறங்கியதில் கீழ்மாடியின் மின்விசிறிகள் ஆடின. சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. குமாஸ்தாவுக்கும்தான்.

அதன் பிறகு மாதக் கடைசியில் மேஸ்திரி ஒரு அடிக்கோலுடன் வார்டுகளைச் சுற்றி வருகிறார். யார் குதிகாலாவது விரற்கடை உயர்ந்திருந்தால், கொடுத்த வாக்கில் எது பாக்கி என்று அலுவலகம் கோப்பைத் திறந்து பார்க்கும். வீட்டில் குமாஸ்தா சாயங்காலம் வாசல்பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டக், டக் என்று படியில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது. போன வாரம் வார் அறுந்து, புதுச் செருப்பு வாங்கினார்கள்.