கிளாராவின் இரண்டு நிமிட மன்னிப்பு

கேமரா முன்னால் உட்கார வருகிற பெண்கள் எந்தச் சேலை எடுப்பாக இருக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கிளாரா அக்கா கேட்கவில்லை. கோட்டாறில் எங்கள் உள்ளூர் கேபிள் சானலின் சின்ன ஸ்டூடியோவுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சபிதா, மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ எடுக்கணும். நீ எழுதித் தா" என்றாள். விளம்பரங்களுக்கு எழுதுவது என் வேலை. அல்வாக்கடைக்கும் நகைக்கடைக்கும் எழுதிப் பழகிய கைக்கு இது புதிது.

கிளாரா அக்கா குழந்தைகளுக்கான ஏத்தங்காய்ப் பொடி செய்து விற்கிறவள். நேந்திரம் வாழைக்காயை உலர்த்தி, தன் வீட்டு மில்லிலேயே பொடித்து, பாக்கெட் போடுவாள். நம்மூரில் பல் முளைக்காத பிள்ளைகள் பாதிப்பேர் அந்தப் பொடியைக் காய்ச்சிய குறுக்குக் கஞ்சியில்தான் வளர்ந்தார்கள். நோட்டு செல்லாது என்று ஆன வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பலகாரம் செய்கிற சொந்தக்காரர்களுக்காக அதே மில்லில் முந்திரி நொறுக்கைப் பொடித்துக் கொடுத்திருக்கிறாள். அதன்பின் மில்லில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டினாள். இங்கே எல்லா மில்லிலும் அப்படித்தான் சுத்தம் செய்வார்கள், மிளகாய்க்குப் பிறகும் மல்லிக்குப் பிறகும். காரம் போய்விடும். முந்திரி எண்ணெய் பிடித்து உள்ளே அப்பிக்கொள்ளும், அரிசிக்கு அசையாது என்று யாருக்குத் தோன்றியது?

ஜனவரியில் வடசேரியில் ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பொடியைத் தின்றதும் உதடு வீங்கி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். டாக்டர் விடாமல் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முந்திரி இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது விஷம்.

கிளாராவோடு அவள் தம்பி யூஜினும் வந்திருந்தான். விற்பனை அவன் பொறுப்பு. வக்கீலிடம் காட்டி எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்திருந்தான். 'யாருக்கேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று தொடங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு முட்டிய பிள்ளையின் தாயிடம் போய் 'ஏற்பட்டிருந்தால்' என்று சொல்லிப் பார், செருப்பால் அடிப்பாள் என்றேன். இத்தனை வருஷ நம்பிக்கை, பாரம்பரியச் சுவை என்று அடுத்த நாலு வரி இருந்தது. அதையும் அடித்தேன்.

பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். என்ன தவறு, யாரால் நடந்தது என்பது முதல் வாக்கியத்திலேயே வரவேண்டும். 'நடந்துவிட்டது' என்று வேண்டாம், 'நான் செய்தேன்' என்று வேண்டும். அடுத்து, எந்தத் தேதியிட்ட பாக்கெட், அது எங்கே அச்சாகியிருக்கிறது என்று கையில் தூக்கிக் காட்ட வேண்டும். பிரித்ததானாலும் எந்தக் கடையிலும் பில் இல்லாமல் திருப்பித் தரலாம். தின்ற பிள்ளைக்கு வீக்கம், தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்தாயிற்று, மில்லை நிறுத்தியாயிற்று, இனி அந்தக் கூரைக்குக் கீழே முந்திரி நுழையாது, ஒவ்வொரு தடவை பொடித்ததும் பரிசோதனை முடிந்துதான் கடைக்குப் போகும். செய்து முடித்ததை மட்டும் செய்ததாகச் சொல்லச் சொன்னேன். பின்னணியில் இசை கூடாது, கம்பெனிப் படம் கூடாது, வெறும் சுவர் போதும். அழுகை வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாம், பார்க்கிறவர்கள் உன்னைத் தேற்ற வேண்டிய நிலை வரக்கூடாது என்றேன். கிளாரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு மெதுவாக, தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பிள்ளை செத்துப்போச்சு என்றாள்.

யூஜின் உடனே குறுக்கே விழுந்தான். அது ஊட்டும்போது புரையேறிச் செத்தது என்று ஊரே சொல்கிறது, போஸ்ட்மார்ட்டம்கூட நடக்கவில்லை, நாமே போய்த் தலையைக் கொடுப்பானேன் என்றான். அந்த வீட்டுக்கு எதிர்க்கடையில் இதே பாக்கெட்தான் விற்றது என்று அவனுக்கும் தெரியும். வீடியோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த வீடு இதை வாட்ஸப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, முதலில் உன் வாயால் கேட்க வேண்டும் என்று கிளாராவிடம் சொன்னேன். சொல்வது எனக்கு எளிது. அவள் எழுந்துவிட்டாள். நானும் கூடப் போனேன்.

அந்த வீட்டில் பிள்ளையின் தாய் அஜிஷா அடுப்படி வாசலில் நின்றாள். புருஷன் ஷைஜு அடக்கத்துக்கு வந்துவிட்டு கத்தாருக்குத் திரும்பிப் போயிருந்தான். போனில்கூடச் சரியாகப் பேசுவதில்லையாம். மாமியார் செசிலி எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, பிள்ளையைக் கிடத்தி ஊட்டாதே என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டாளா என்று தொடங்கினாள். வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு வழவழவென்று ஆகியிருந்தது. அஜிஷா மறுக்கவேயில்லை. அவளும் அதை நம்பிவிட்டிருந்தாள்.

கிளாரா உட்காரவில்லை. நின்றபடியே, தன் பொடியில் முந்திரி கலந்ததைச் சொன்னாள். வடசேரிப் பிள்ளைக்கு உதடு வீங்கியதைச் சொன்னபோது அஜிஷா நிமிர்ந்தாள். அவள் பிள்ளைக்கும் உதடு வீங்கியிருக்கிறது, உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. எறும்பு கடித்திருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். அடுப்படியில் இருந்த பாக்கெட்டைப் பார்த்தோம். அதே தேதி. அன்று சாயங்காலமே வடசேரிப் பிள்ளையைப் பார்த்த டாக்டர் போனில் அஜிஷாவிடம் எல்லாம் கேட்டுவிட்டு, புரையேறினால் தடிப்பு வராது என்றார்.

"அப்போ நான் கெடத்தி ஊட்டினதுனால இல்லியாக்கா?" என்று கேட்டாள் அஜிஷா.

"இல்ல மக்களே. எனக்க பொடி."

செசிலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அஜிஷா கிளாராவைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். அவள் திட்டவில்லை. அதை வீடியோவில் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். பெயர் வேண்டாம், ஆனால் அந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றாள்.

மறுநாள் எடுத்தோம். யூஜின் வெளியே நின்றுகொண்டான். கிளாரா ஒரே தடவையில் சொல்லி முடித்தாள். "இந்தப் பொடியைத் தின்ற ஒரு குழந்தை இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் தாய் ஊட்டிய விதத்தில் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது." அழவில்லை. கேமராவை அணைத்த பிறகு வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. பாக்கெட்டுகள் மூட்டை மூட்டையாகத் திரும்பின. கீழே எழுதியவர்கள் பாதிப்பேர் காறித் துப்பினார்கள். ஒன்றையும் அழிக்காதே என்று யூஜினிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வீடியோவில் கொடுத்த நம்பரை நானும் கிளாராவும் மாற்றி மாற்றி எடுத்தோம். திட்டுவதற்காக அழைத்தவர்களிடம்கூடப் பாக்கெட்டின் தேதியைக் கேட்டோம். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன். இரண்டு நிமிட எழுத்தால் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அந்த நம்பருக்கு அஜிஷா அழைத்தாள். கிளாரா இல்லை, நான்தான் பேசினேன். ஷைஜு அழுதுகொண்டே கூப்பிட்டானாம். மாமியார் காலில் விழ வந்தாளாம். பங்குச் சாமியார்கூட வீட்டுக்கு வந்து போனாராம். எல்லாரும் மன்னிப்புக் கேட்டாயிற்று என்றாள். நல்லது மக்களே, இனி யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு ரெண்டு வாய் தின்னுட்டு எனக்க மவன் வேண்டாம்னு மொகத்தத் திருப்பினான். கைய வச்சுத் தட்டிவிட்டான். சேட்டை பண்ணுதான்னு நெனச்சேன். தாடையப் பிடிச்சு மிச்சத்தையும் ஊட்டினேன். அவன் எனக்கிட்ட சொல்லியிருக்கான், எனக்குத்தான் மனசிலாவல. இதுக்கு என்ன சொல்லணும்னு நீங்க எழுதித் தாருங்க. நான் அவன்கிட்ட சொல்லணும்."

கையில் பேனா இருந்தது. பழக்கத்தில் 'நான் செய்தேன்' என்று எழுதி, உடனே அடித்தேன்.