மடிப்பு மெஷினுக்கு ஒரு ஆள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மடிப்பு மெஷின்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய எட்டு மணி நேரத்தை நானும் என் மச்சானும் ஆளுக்குப் பாதியாக ஓவர்டைமில் பார்த்துவந்தோம். எனக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மச்சானுக்கோ அந்தக் காசில்தான் மகளின் படிப்பு ஓடியது.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "நிரந்தர ஆள் வர நாலு வாரமாகும். ஓவர்டைம்னா ரெட்டைக் கூலி, எட்டு மணி வேலைக்குப் பதினாறு மணிக் கூலி போகுது. ஏஜென்சி ஆளுன்னா கமிஷனோட பதினோரு மணிக் கூலிதான். ஆனா அவன் கத்துக்கிற வரைக்கும் ரெண்டையும் குடுக்கணும். ஒரு வாரத்துல கத்துக்கிட்டா ஏஜென்சி மலிவு. ரெண்டு வாரமானா ஓவர்டைமே மலிவு. எத்தனை நாளாகும்?"

மச்சான் முந்திக்கொண்டார். "மெஷின் முரண்டு பிடிக்கும் சார். ரெண்டு வாரமாவது வேணும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தபடி, "ஒரு வாரம் போதும் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் மச்சான் கேட்டார். "ஏன் மாப்ள, நாலே வாரம், தாங்காதா?"

"தாங்காது மச்சான்."

அவர் அழுக்குத்துணி வண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் போய்க் கைகொடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை.