கைக்குள் ஒளிந்த அம்பு

குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சித் தாள்களை வடிவமைப்பது அவள் வேலை. நான்கு வயது மகள் வேறு ஊரில், அக்கா வீட்டில் வளர்கிறாள். புதிய தாளை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, வீடியோவில் மகள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளின் இடது ஓரத்தில் மாதிரிக்கு ஒரு பெரிய 'ப'. தொடங்கும் இடத்தில் பச்சைப் புள்ளி; கீழே, வலப்பக்கம், மேலே என்று அம்புகள். அதன் பக்கத்தில், சின்னக் கை தாராளமாக அசைய இடம் விட்டு, புள்ளிக்கோட்டு எழுத்துகள்.

மகள் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி தேடுற?"

"அம்பு என் கைக்குள்ள ஒளிஞ்சுக்குதும்மா."

பென்சில் இடது கையில் இருந்தது.

"எப்பலேர்ந்துக்கா இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்தே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

அவள் கணினியில் தாளைத் திறந்தாள். மாதிரியை வலது ஓரத்திலும் வைத்து அச்செடுத்தாள். சரிபார்க்கத் தானும் இடது கையில் பென்சிலைப் பிடித்தாள். கோடு கோணலாகப் போனது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்கு எழுதவே தெரியல! கிட்ட வா, கையப் பிடிச்சுச் சொல்லித் தரேன்."

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.