ஒன்பது மணி நேரத்தில் இரண்டு பக்கம்

யேசுரட்ணம் மாஸ்டருக்குப் படிக்க நேரமே கிடைப்பதில்லையாம். இரண்டு வருடமாக இதே பாட்டு. டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். ஆசிரியர் தராதரப் பத்திரப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்த டிசம்பரிலும் தவறினால் பத்திரம் உள்ள வேறொருவர் வந்துவிடுவார். பள்ளிக்கூடமும் போகும், குடியிருக்கும் வீடும் போகும்.

லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தே தன் நேரம் கரைகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். அவர் மனைவி மார்கிரட் தோட்டத்து மருத்துவச்சி. வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று குறித்துப் பழகிய கை அது, வாய்க்கணக்கை நம்பாது. ஒரு கொப்பியில் அரை மணிக்கு ஒரு கோடாக ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு நீட்டினாள்.

"அப்பப்ப எழுதுங்க. ராவைக்கு மொத்தமா யோசிச்சு எழுதாதீங்க. இந்த ஒரு வாரத்துக்காக நல்ல பிள்ளையாவும் நடக்க வேணாம். எப்பவும் போல இருங்க" என்றாள்.

மாஸ்டரும் சொன்னபடி செய்தார். தேயிலை ஆலையான ஸ்டோரில் சங்கு ஊதும்போதெல்லாம் பென்சிலைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் மார்கிரட் கூட்டிப் பார்த்தாள். கடிதத்துக்குப் போனது நாலே மணி நேரம். பாவம், லயத்துச் சனங்கள்மேல் வீண்பழி. தினமும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை 'படிப்பு' என்று அழகாக எழுதியிருந்தது. ஆறு நாளில் ஒன்பது மணி நேரம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். திங்களன்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த அடையாளத் துண்டு, இன்று நாற்பத்து மூன்றில் இருந்தது.

கேட்க வாயெடுத்தவள் அவருடைய காலைப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள். தினமும் மாலை அவள்தான் சுண்ணாம்பு தடவி விடுகிறாள். பள்ளிக்கூடத் தோட்டத்தில் கடித்தது என்பார். மேசையில் விளக்கை வைத்துக்கொண்டு படிக்கிற மனுசனுக்கு ரத்தம் காயாமல் அட்டைக்கடி எப்படி வரும்? கட்டியிருக்கும் சாரம் ஏன் முழங்கால் வரை நனைந்திருக்கும்? அவள் வாசலில் கால் வைக்கும்போது அவருக்கு மூச்சு ஏன் வாங்கும்?

தான் போய் வரும் நேரம் குறிக்கும் வரவுப் புத்தகத்தை எடுத்து அவர் கொப்பிக்குப் பக்கத்தில் விரித்தாள். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்களில் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துவிட்டு அவள் புறப்படுவது தினமும் ஐந்தே முக்கால். டிஸ்பென்சரிக்குக் கீழே இருக்கும் மொடக்கை, பாதை வளைகிற இடத்தை, தாண்டுவது ஆறே முக்கால். அவர் 'படிப்பு' என்று எழுதியதும் அதே நேரம்தான்.

"எங்க நிண்டீங்க?"

மாஸ்டர் கொப்பியை மூடினார்.

"மொடக்குல. ஒன் குடை தெரிஞ்சதும் தேயிலைக்குள்ள குறுக்கால ஓடி வந்துருவேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "புத்தகம் கையிலதான் இருக்கும். மனசுதான் நிக்காது. பயந்து நிக்கிறேன்னு சொன்னா நீ வேலைய விட்டுருவியோன்னுதான் சொல்லல்ல."

இரண்டு வருடத்துக்கு முன் அந்த மொடக்கு இறக்கத்தில்தான் அவள் வழுக்கி விழுந்தாள். வயிற்றில் மூன்று மாதம், தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதேயில்லை. தான் ஒருத்திதான் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். மாஸ்டர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். இவர் நேரத்தைத் தின்றது இவருடைய நாளல்ல, தன்னுடைய நாள். மேல்கணக்குக்கு ஏன் மாலையில் போகிறோம்? முன்பிருந்த மருத்துவச்சி அப்படிப் போனாள், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவள் காலையிலும் லயத்தில்தானே இருக்கிறாள்? கொழுந்து பறிக்கிற கர்ப்பிணிகளோ நாலரைக்குப் பறித்த கொழுந்தை நிறுக்க டிஸ்பென்சரிப் பக்கம் தாங்களாகவே இறங்கி வருவார்கள். அவர்களை அங்கேயே பார்த்துவிட்டு ஐந்துக்கெல்லாம் வீட்டுக்குப் புறப்படலாம். மேல்கணக்குக்குக் காலையில் போகலாமா என்று மறுநாள் டிஸ்பென்சர் முத்துலிங்கத்திடம் கேட்டாள். காலையில் புண்ணுக்குக் கட்டுப்போட ஆள் வேண்டாமா என்று முனகினார், பிறகு சரி என்றார். பிரசவ வலி நேரம் பார்த்து வராது, அவள் மாலையில் போக நேர்ந்தால் அவருக்குப் படிப்பு ஓடாது. அதற்காகச் சனிக்கிழமை மாலையை வெறுமையாக விட்டாள், தவறிய படிப்பை அன்று ஈடுகட்டலாம்.

அவள் கட்டம் போட்டுக் கொடுத்த புதிய கொப்பியை மாஸ்டர் வாசித்தார். ஐந்தரையிலிருந்து ஏழு வரை படிப்பு, வீட்டில், மேசையில். அதற்கு மேல் கட்டத்தில் அவள் கையெழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது.

'ஐந்தேகாலுக்கு மொடக்கில் நிற்கவும். புத்தகம் வேண்டாம்.'