பட்டியலில் இல்லாத தண்டனை

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வரும் நிலா, தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் அளவு பார்க்காமல் பாகங்களை அனுப்பிவிட்டாள். விசாரணையில் ஒப்புக்கொண்டாள். சீனியர் ஆபரேட்டரான அவளை ஹெல்பராக இறக்கி ஆர்டர் வந்தது.

சங்கச் செயலாளர் ரத்தினம், அரசு சான்றளித்த கம்பெனி வேலை விதிகளான நிலையாணைகளைப் புரட்டினார். "எச்சரிக்கை, அபராதம், நாலு நாள் சஸ்பென்ஷன், டிஸ்மிஸ். இவ்ளோதான் இருக்குது. கீழ இறக்கறது இதுல இல்லம்மா. ஆனா நாம கேட்டா, டிஸ்மிஸே பண்ணாலும் பண்ணுவாங்க."

நிலா அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தாள். "தப்பு என்னுதுதாண்ணா. ரூல்ல இருக்கறத குடுக்கட்டும். நீங்க கேளுங்க."

ரத்தினம் கொண்டுபோய்க் காட்டிய அந்தப் பக்கத்தை மேனேஜர் இரண்டு முறை படித்தார். ஆர்டரை ரத்து செய்து, நான்கு நாள் சஸ்பென்ஷன் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் நிலா சீனியர் ஆபரேட்டராகவே உள்ளே போனாள். பக்கத்து மெஷின் பாக்யலட்சுமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.