பட்டுத் துண்டும் பால் கறையும்

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்தவள் பையை எங்கள் சலவைக்கடை மேசைமேல் கவிழ்த்தாள். முந்தாநாள் நாங்கள் துவைத்துக் கொடுத்த துணிகள். சின்னச் சட்டைகள், இடுப்புத் துணிகள், போர்த்தும் பட்டுத் துண்டு.

"அக்கா, இதைப் பாருங்க."

குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கழுத்து மடிப்பிலும் இடுப்பிலும் தோல் வெந்தாற்போல் சிவந்து கிடந்தது. மூன்று மாதக் குழந்தை. அழுது அழுது தொண்டை கம்மியிருந்தது.

ஓனரம்மா முகத்தை இறுக்கிக்கொண்டாள். "துணியாலன்னு எப்படிம்மா சொல்ற? பிள்ளைத் துணியும் பட்டும் பூந்திக்கொட்டையில மட்டும்தான்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கேன்."

"டாக்டர்கிட்ட நானும் அதைத்தான் சொன்னேன். அப்ப நான் சாப்பிடுறதுலதான் ஏதோ தாய்ப்பால் வழியா பிள்ளைக்கு ஒத்துக்கலங்கிறாரு. நான் பாலு, முட்டை எதுவும் தொடக் கூடாதாம். சாயங்காலம் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கணுமாம். இந்த நரம்புல எங்கக்கா ஊசி குத்துறது? அதான் ஒரு தடவை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தொட்டிக்குள் இருந்த என் கை அப்படியே நின்றது.

தப்பு என்னுடையது. பூந்திக்கொட்டையின் விதையை எடுத்துவிட்டு, தோலை வேகவைத்து வடிகட்டினால் பழுப்புத் தண்ணீர் வரும். பட்டுக்கும் பிஞ்சுத் தோலுக்கும் அது மெத்தென்று இருக்கும். ஆனால் குழந்தை கக்கிய பாலின் கொழுப்பு அதற்கு லேசில் அசையாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, நல்ல வெயிலில் போட வேண்டும். போன வாரம் பூராவும் மழை. மஞ்சள் கறை போகவில்லை என்று இவள் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். "மூணாவது தடவை வந்துச்சுன்னா உன்னை வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் ஓனரம்மா. நான் சலவைத்தூளை இரண்டு கை அள்ளிப் போட்டு மறுநாள் வரை ஊறவைத்தேன். கறை பறந்துவிட்டது. அலசும்போது குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. இரண்டு தண்ணீரோடு பிழிந்து போட்டேன். பட்டுத் துண்டு அந்தக் குவியலுக்குள் இருந்ததைப் பிழியும்போதுதான் பார்த்தேன்.

ஓனரம்மா இப்போது அதைத்தான் விரல்களுக்கிடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மினுக்கம் செத்து, சொரசொரவென்று இருந்தது.

"இன்ஜின்! இங்க வாய்யா."

இஸ்திரி போடுகிறவருக்கு அந்தப் பெயர். வேலை செய்யும்போது புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவார்.

"பட்டைக் கருக்கி வெச்சிருக்கியே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"மூஞ்சியிலதான் இருந்துச்சும்மா. பட்டுக்கு நான் பெட்டியை ஆறவெச்சுத்தான் போடுவேன். கருகினா வாடை வராதா?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. இன்னையோட நின்னுக்க."

அவர் என்னைப் பார்த்தார். சூடு பட்டதும் அந்தத் துணிகளிலிருந்து தூளின் பூவாசனை எழுந்திருக்கும். அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

"துணியில ஒண்ணுமில்லம்மா. நீ போய் ரத்தத்தைக் குடுத்துப் பாரு," என்றாள் ஓனரம்மா.

குழந்தையின் அம்மா துணிகளைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினாள்.

"ரத்தம் எடுக்காதம்மா," என்றேன். "அதைத் தூள்லதான் துவைச்சேன். அண்ணன் மேல தப்பில்ல."

"ஏய், உளறாத!"

நான் கிண்ணியில் நல்ல தண்ணீர் பிடித்து ஒரு சட்டையை முக்கிக் கசக்கினேன். வெள்ளையாக நுரை கட்டியது.

"பூந்திக்கொட்டையும்தான் நுரைக்கும்," என்றாள் ஓனரம்மா.

"நுரைக்கும். ஆனா பூ மாதிரி மணக்காது. மோந்து பாரும்மா."

குழந்தைக்காரி ஈரத் துணியை முகர்ந்தாள். பிறகு, குழந்தை போட்டிருந்த சட்டையையும் முகர்ந்தாள். அடுத்த நொடி அதை உருவி எறிந்தாள். முந்தானைக்குள் குழந்தையைச் சுற்றிக்கொண்டாள்.

"கறையோட குடுத்திருந்தா செத்தா போயிருப்பேன்? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

அவள் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். நல்லா அலசாமல் அந்தத் துணி ஒன்றும் உடம்பில் படக் கூடாது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, ரத்தத்தை ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றாராம்.

ஓனரம்மா என் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்கு வராத."

"அண்ணன்?"

"அவன் இருப்பான்." இன்ஜின் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

இடுப்பில் கட்டியிருந்த என் ஈரத் துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"எங்க போற?" என்றாள் குழந்தைக்காரி. "பிள்ளைக்கு மாத்துத் துணி இல்ல. என் கண்ணு முன்னால அலசிக் குடு."

தொட்டியை நிரப்பினேன். அலசினேன். கொட்டினேன். மறுபடி நிரப்பினேன். அவள் பக்கத்தில் நின்று, குழந்தையின் முதுகைத் தட்டியபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது தண்ணீரில் ஓரமாக நாலைந்து குமிழிகள் மட்டும் மிதந்தன.

"போதுமா?" என்றேன்.

"இன்னொண்ணு," என்றாள்.