நூறு கிராம் கல்

தராசு மெக்கானிக் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். அன்று காலை பத்தரை மணிக்கு, தன் பெட்டியிலிருந்து நூறு கிராம் கல்லை இடுக்கியால் எடுத்து எங்கள் தராசின் தட்டில் வைத்து, கண்ணாடிக் கதவை மூடினார். எண்கள் கொஞ்சம் அலைந்து நின்றன. 100.1001.

"என்ன மேடம், நூறு கிராமுக்கு நூறு மில்லிகிராம் ஏத்திக் காட்டுது? இதுலயா எடை போடுறீங்க?"

இதில்தான் போட்டேன். பன்னிரண்டு இரும்புத் தகடுகளை இதில்தான் போட்டேன்.

எங்கள் ஆராய்ச்சி, துருவைத் தடுக்கும் ஒரு மருந்தைப் பற்றியது. ஒவ்வொன்றும் முப்பது கிராம் உள்ள இரும்புத் தகடுகளை எடை போட்டு, தொண்ணூறு நாள் உப்புத் தண்ணீரில் ஊற வைப்போம். பிறகு துருவைக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போடுவோம். குறைந்த எடைதான் இரும்பு அரித்துப்போன அளவு. மருந்து சேர்க்காத தண்ணீரில் கிடந்த தகடுகளை முதலில் வெளியே எடுத்தோம். சராசரியாக அறுபது மில்லிகிராம் போயிருந்தது. இடையில் துறையைப் பார்வையிட ஆய்வுக்குழு ஒன்று வந்துபோனது. மூன்று வாரம் கழித்து, எங்கள் மருந்து சேர்த்த தண்ணீரில் கிடந்தவற்றை எடுத்தோம், வெறும் எட்டு. நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு அரிப்பைத் தடுத்த மருந்து! என் வழிகாட்டி குதிக்காத குறைதான். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நாலுதசமம். எதைச் சொன்னாலும் நாலு தசமத்துக்குச் சொல் என்பார். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. அடுத்த மாதம் என் வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு.

இரண்டு தகடுகள் ஊறிய பிறகு எடை கூடியிருந்ததை அப்போதே காட்டினேன். "மருந்து மேல படிஞ்சிருக்கும், விடு" என்றார். விட்டேன். அந்த ஒரு 'விட்டேன்' நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மெக்கானிக்கின் விரல் திருத்தும் பொத்தானுக்குப் போனது. கையைப் பிடித்துவிட்டேன்.

"இருங்க. இப்ப காட்டுறதை முதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் திருத்துங்க."

எழுதிக் கொடுத்தார். திருத்தினார். திருத்திய தராசில் எங்கள் சொந்த நூறு கிராம் கல்லை வைத்தேன். 99.9000. ஈரம் புகாத உலர்ஜாடியில் பத்திரமாக இருந்த பன்னிரண்டு தகடுகளையும் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒவ்வொன்றும் முன்பு காட்டியதைவிட முப்பது மில்லிகிராம் குறைவு. எட்டு முப்பத்தெட்டானது. எண்பத்தேழு முப்பத்தேழானது. எடை கூடிய இரண்டு தகடுகளும் மற்றவற்றைப் போலவே தேய்ந்துதான் இருந்தன.

கல்லைப் பார்த்தேன். மேல்பூச்சு உரிந்து, உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அப்படி ஒரு பளபளப்பு.

ஆய்வகத்தைத் துடைத்துக் கழுவும் அக்காவிடம் கேட்டேன். ஒப்பந்த வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். என்னை 'டாக்டரம்மா' என்று கிண்டல் செய்யும் ஒரே ஆள்.

"ஆமா, நான்தான் தேச்சேன். ஆய்வுக்குழு வர்றாங்க, எல்லாம் பளபளன்னு இருக்கணும்னு சார் சொன்னாரில்ல? அது கருப்பா கெடந்துச்சு. கம்பி நாரும் பவுடரும் போட்டுத் தேச்சதுல புதுசு மாதிரி ஆயிருச்சு. ஏன், என்னாச்சு?"

என்ன ஆச்சென்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். மூன்று வருட உழைப்பு என்றேன், கண்ட இடத்தில் கை வைப்பீர்களா என்றேன்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"புதுசா யார் வந்தாலும், கல்லைக் கையால தொடாதே, இடுக்கியில எடுன்னு பாடம் நடத்துறீங்க. நான் இங்க ஏழு வருஷமா இருக்கேன். தேய்க்கக் கூடாதுன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலையா? நான் என்ன, சுவத்துல தொங்குற காலண்டரா?"

ஆய்வுக்குழு போன மறுநாள், நகர்த்தி வைத்த தராசை அந்தக் கல்லை வைத்தே திருத்தியவள் நான். அதன் பிறகு தினமும் காலையில் அதே கல்லைத் தட்டில் வைத்து, 100.0000 என்று பார்த்து, நோட்டில் 'சரி' என்று எழுதினேன். எந்தக் கல்லைக் கொண்டு தராசுக்கு நூறு என்று சொல்லிக் கொடுத்தேனோ, அதே கல்லைக் காட்டிச் சோதித்தால் அது வேறென்ன சொல்லும்? நாற்பத்தொரு கையெழுத்து. நாற்பத்தொன்றும் என்னுடையது. முதுநிலைப் பட்டம் வாங்கியவளுக்கு இது தோன்றவில்லை.

கடிதம் எழுதி நாலுதசமத்திடம் கொடுத்தேன். மெக்கானிக்கின் தாள், பழைய எடைகள், புதிய எடைகள், எல்லாம் இணைப்பு. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று முடித்திருந்தேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

"கட்டுரையைத் திரும்பப் பெறலாம். வேற வழியில்ல. ஆனா காரணம்னு ஒண்ணு எழுதணுமில்ல? 'துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால்'னு ஒரு வரி போடு. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கிறாங்க. இந்தக் கடிதத்தை வச்சு அந்தம்மாவை நிறுத்திட்டா, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ஆயிரும். உன் வைவாவும் தள்ளிப்போகாது."

"தேய்க்கச் சொன்னது..."

"நான் மேசையைச் சொன்னேன். கல்லையா சொன்னேன்?"

எல்லாம் என்றுதான் சொன்னார். கூட்டத்தில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மூன்றே சொல். எழுதினால் அடுத்த மாதம் நான் டாக்டர். என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"போட்டுக்கோ" என்றார், துணியை வாளியில் பிழிந்துகொண்டே. "நான்தானே தேச்சேன். உன் படிப்பு கெட வேணாம். வீட்டுக்காரருக்கு ஒரு வாரமா வேலை இல்லை, அது வேற கதை."

"என்னைத் திட்டுங்கக்கா! இப்படிப் பேசாதீங்க!" என்று கத்தினேன். நடைபாதையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடிதத்தை மறுபடி எழுதினேன். முதல் பத்தியில் தராசு, இரண்டாவதில் எண்கள். மூன்றாவது இப்படி:

'எடைக்கல் குறைந்ததற்குக் காரணம் அது தேய்க்கப்பட்டது. தேய்த்தவர் ஆய்வகப் பணியாளர். எல்லாம் பளபளக்க வேண்டும் என்று கூட்டத்தில் அவருக்குச் சொன்னவர் நீங்கள். கல்லைத் தேய்க்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லாதவர்கள் நாம் இருவரும். அந்தக் கல்லை வேறொன்றோடு ஒப்பிடாமல் தராசைத் திருத்தியதும், அதையே வைத்து நாற்பத்தொரு நாள் சரி என்று கையெழுத்திட்டதும் நான்.'

வெள்ளிக்கிழமை காலை, துறைத்தலைவர் அலுவலகத்தில் நகலைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு நாலுதசமத்தின் அறைக்குப் போனேன். நின்றபடியே படித்தார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் உட்கார்ந்தார்.

"வைவா இப்போதைக்கு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் சார். புதுத் தகடு வெட்டக் குடுத்துட்டேன். இன்னொரு தொண்ணூறு நாள்."

"சரி, உன் கதையை விடு." தாளை மேசைமேல் எறிந்தார். "இதை வச்சு அந்தம்மாவை நான் எப்படி நிறுத்துறது?"

"நிறுத்தணும்னா மூணு பேரையும் நிறுத்தணும் சார்" என்றேன். "மூணு பேரும் அந்தப் பத்தியிலதான் இருக்கோம்."